பலித்து முடிந்த கனவு

நான் கோபக்காரி. கள்ளக்குறிச்சியில் கிளினிக் திறந்த முதல் வாரத்திலேயே இது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையின் மாடியில்தான் இடம் பிடித்திருந்தேன். போர்டில் "மனநல மருத்துவர்" என்று எழுதச் சொல்லியிருந்தேன். மாட்டிய பிறகு பார்த்தால் "நரம்பு டாக்டர்" என்று இருக்கிறது. மருந்துக் கடைக்காரரின் வேலை. "மனநலம்னு போட்டா ஒரு ஈ காக்கா மாடி ஏறாதுங்க டாக்டரம்மா. கீழ நான் வேற கடை வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். கத்து கத்தென்று கத்தினேன். அப்படியே விட்டுவிட்டேன். அந்த போர்டைப் பார்த்துத்தான் ஜனங்கள் வந்தார்கள்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். எந்த பஸ் வரும், எது வராது என்று யாராலும் சொல்ல முடியாது. என் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். எங்கள் வீட்டிலேயே, கேட்பது நியாயம்தானே என்று பாதிப் பேர், அதற்காக பஸ்ஸை ஏன் உடைக்கிறார்கள் என்று மீதிப் பேர். சோறு போட்டுவிட்டு உட்கார்ந்தால் சண்டை ஆரம்பித்துவிடும். என் மாடிக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். போலீஸ் அடித்ததில் தூக்கம் போனவன் ஒரு நாற்காலியில் இருப்பான், கூட்டத்தைப் பார்த்துத் தூக்கம் போனவன் அடுத்த நாற்காலியில் இருப்பான். இருவருக்கும் ஒரே தலைவலி மாத்திரைதான் அதுவரை கொடுத்திருந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் அந்த டிரைவர். அரசு பஸ்ஸில் மலை ரூட் ஓட்டுகிறவர். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை போய்த் திரும்பும் பஸ். வீடு தியாகதுருகத்தில். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல ஆகிருதி. ஆனால் நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார், கீழே மோட்டார் சைக்கிள் ஏதாவது உறுமினால் தோள் தூக்கிப் போட்டது.

"டிப்போவுல போகச் சொன்னாங்க. வண்டி எடுக்க முடியுமா முடியாதான்னு நீங்க சொல்லணுமாம். முடியாதுன்னா வாட்ச்மேன் வேலையில உக்கார வெச்சிடுவாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ஸ்டேரிங்கப் புடிச்சா கை நடுங்குதுங்க. ஆனா வாட்ச்மேனா உக்கார்றதுக்கு நான் செத்துப் போலாம்."

நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறார். கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டில் மரம். பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் கூட்டம் முன்னால் வந்துவிட்டது. என்ன ஏது என்று பார்க்கக் கண்டக்டர் முன்னால் வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். ஒரு கல் வந்தது. டிரைவர் குனிந்துவிட்டார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த கல், பின்னால் நின்றிருந்தவரின் வலது கண்ணில் பட்டது. அந்தக் கண் போய்விட்டது.

"எனக்கு வந்த கல்லுங்க அது" என்றார் டிரைவர். "நான் குனிஞ்சிட்டேன். கண்டக்டர் அண்ணனுக்குப் பட்டுடுச்சி. எத்தினி வருசமா ஒண்ணா ஓட்டிக்கினு இருந்தம். என் கல்யாணத்துல பந்தி பரிமாறின ஆளு."

"போய்ப் பார்த்தீங்களா?"

தலையை ஆட்டினார். இல்லை என்று.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது? கல்லு வுட்டதும் எங்க பசங்கதான். ஒருத்தன் எனக்கு மச்சான் முறை ஆவுது. அவனுங்க மேல கோவப்படவும் முடியலை. அவனுங்க கேக்கறதும் நெசந்தான? யாரைப் போயி திட்டறது, சொல்லுங்க."

தினமும் ராத்திரி அந்தக் கல் வந்தது. அதே மரம், அதே கூட்டம், கண்ணாடி நொறுங்கும் சத்தம், இவர் குனிவது. அலறிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு எழுத்து மாறாமல் அப்படியே மறுநாளும் வரும். தூங்குவதற்காக மலைச் சாராயம் குடிக்க ஆரம்பித்திருந்தார். "அது இல்லாம படுத்தா கண்ணே மூடாதுங்க" என்றார்.

"அது தூக்கமில்லை, மயக்கம்" என்றேன். "கூலி வாங்கிக்கிட்டு பாதியிலே ஓடற கொத்தனார் மாதிரி அது. முன்ராத்திரி கனவை அமுக்கி வைக்கும். போதை இறங்கினதும் அமுக்கி வெச்சதெல்லாம் சேர்ந்து மேல வந்து விழும். உங்களுக்கு எந்நேரத்துக்கு ஜாஸ்தியா வருது?"

யோசித்தார். "பின்ராத்திரிக்கு மேலதாங்க."

"பார்த்தீங்களா?"

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் ஜாஸ்தி. கனவுத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, விடியும் நேரத்தில்தான் பெரும்பங்கு வருகிறது. அப்போது மூடிய இமைக்குள் கண் அங்கும் இங்கும் ஓடும், கை கால் துவண்டு கிடக்கும். விழித்திருக்கையில் நம்மைப் பதற வைக்கும் ரசாயனம் ஒன்று உண்டே, அது அந்த நேரத்தில் மூளையில் அநேகமாக நின்றுபோகிறது. நடந்தது திரும்ப வருகிறது, ஆனால் பதற்றத்தைத் தூண்டும் அந்தச் சரக்கு இல்லாமல் வருகிறது. கூடவே சம்பந்தமில்லாத பழைய ஞாபகங்களும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படிச் சில இரவுகள் போனால், நடந்தது மறக்காது, அதன் முள் மழுங்கிவிடும் என்று பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். இன்னும் அடித்துச் சொல்ல முடியாத விஷயம்தான். ரொம்ப அடிபட்டவர்களுக்கு அந்தப் பதற்றம் தூக்கத்திலும் அடங்குவதில்லை போலிருக்கிறது. கனவு தன் வேலையை முடிப்பதற்குள் ஆள் அலறி எழுந்துவிடுகிறான், மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் காலத்தில் இவ்வளவு கோவையாக எனக்குத் தெரியாது. ஆனால் என் வாழ்க்கையிலேயே பார்த்திருந்தேன். என் அண்ணனோடு எனக்கு வராத சண்டையில்லை. ராத்திரி அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காக, இனி இந்த ஜென்மத்தில் இவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று படுப்பேன். காலையில் எழுந்தால் அந்த வார்த்தை அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கும். ஆனால் வயிறு எரியாது. காபி கொடுக்கிற அளவுக்கு இறங்கி வந்திருப்பேன். சர்க்கரை மட்டும் கம்மியாகப் போடுவேன்.

டிரைவருக்குச் சாராயத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். "நிறுத்தின புதுசுல கனவு இன்னும் ஜாஸ்தியாகும். பயந்துட்டு மறுபடி பாட்டிலைத் தொட்டீங்கன்னா இந்த மாடிப்படியில கால் வைக்கக் கூடாது" என்று முன்கூட்டியே மிரட்டியும் வைத்தேன். வாரம் ஒருமுறை பட்டப்பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, பஸ் ஹாரன் காதில் விழ விழ, அந்தக் கனவை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் சொல்ல வைத்தேன். முதல் தடவை கண்ணாடி உடையும் இடத்தில் நின்றுபோனார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மூன்றாவது நான்காவது வாரத்தில் முழுசாகச் சொன்னார்.

பிறகு ஒருநாள், "ராத்திரி வேற மாதிரி வந்துச்சிங்க" என்றார். "நான் குனியலை. கல்லு எம் மேலயே பட்டுச்சி."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. அத்தனை நாள் ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்த கனவு நகர்ந்துவிட்டது. அது நல்லதாக மாறினதா கெட்டதாக மாறினதா என்பது அப்போதைக்கு எனக்கு முக்கியமில்லை. மாறியதே, அது போதும். "பிரமாதம்!" என்று கத்தினேன். என் தலையில் கல் விழுந்ததைச் சொல்கிறேன், இந்தம்மா பிரமாதம் என்கிறாளே என்று பார்த்தார்.

அடுத்த வாரம் வந்தவர் பழைய ஆளைவிட மோசமாக இருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். கீழே மருந்துக் கடையில் யாரோ லேசாக இடித்துவிட்டதற்குக் கையை ஓங்கிவிட்டாராம். அதற்கடுத்த வாரமும் அதே கதை. ஊதச் சொல்லிப் பார்த்தேன், சாராய வாடை இல்லை. அந்தப் பழைய கனவே திரும்பிவிட்டது, குனிவதும் அலறுவதும். டிப்போவில் வேறு நெருக்க ஆரம்பித்திருந்தார்கள், இந்த மாசத்துக்குள் நான் முடிவு சொல்லியாக வேண்டும். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்தார். எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது.

"உங்க வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாளே வந்தார்கள். ஒல்லியான, துறுதுறுவென்ற பெண். கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. டாக்டருக்கு என்று மேஜையில் வைத்தாள். வீட்டுக்காரர் எப்போது படுக்கிறார், எப்போது எழுகிறார் என்று கேட்டேன்.

"நேரத்துக்குப் படுத்துக்கறாருங்க. நான் மூணு மணிக்கெல்லாம் எழுப்பி வுட்டுடறேன்" என்றாள் பெருமையாக.

"எதுக்கு?"

"அலாரம் வெச்சி எழுப்பறங்க. எழுந்துக்கலைன்னா மூஞ்சில தண்ணி தெளிக்கிறது. அப்பறம் விடியற வரிக்கும் கண்ண மூட வுடறதில்லை. பேசிக்கினே இருப்பேன், டீ போட்டுக் குடுப்பேன்."

"எதுக்கும்மான்னு கேக்கறேன்!"

குரலைத் தாழ்த்தினாள். "கல்லு இவுரு மேலயே வுழற மாதிரி கனா வந்துச்சாமே. அதுவும் விடியக்காலையில. விடியக்காலக் கனா பலிச்சிடுங்களே டாக்டரம்மா. அதான், அந்த நேரத்துல தூங்கவே வுடக்கூடாதுன்னு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டிலும் விடிகாலையில் கெட்ட கனவு வந்தால், அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்கள். ஆனால் அலாரம் வைத்து அந்த நேரத்தையே வெட்டி எறிந்தவள் இவள் ஒருத்திதான். இரவில் கனவு அதிகம் வேலை செய்யும் நேரம் எதுவோ, சரியாக அதையே பார்த்து வெட்டியிருக்கிறாள். அவள் பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தன் தூக்கத்தையும் சேர்த்துத்தான் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி!" என்றேன். வாயில் வந்துவிட்டது. "புண்ணு ஆறுறதுக்கு மேல் தோல் கட்டும்போதெல்லாம் உரிச்சி உரிச்சி விட்டிருக்கியே!"

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "நீங்க படிச்சவங்க, நூறு சொல்லுவீங்க. பலிச்சிட்டா? இவுரு தலையில கல்லு வுழுந்தா யாரு பொறுப்பு? நீங்களா வந்து என் புள்ளைங்களுக்குச் சோறு போடுவீங்க?"

நியாயமான கேள்வி. விஞ்ஞானம் பேசினால் எழுந்து போய்விடுவாள் என்று தெரிந்தது. டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரும்மா" என்றேன். "வரப்போறதைக் காட்டற கனவுதான பலிக்கும்?"

"ஆமா."

"இவர் கனவுல வர்றது என்ன? அந்த மரம், அந்த ரோடு, அந்தக் கூட்டம், அந்தக் கல்லு. இதெல்லாம் வரப்போறதா, நடந்து முடிஞ்சதா?"

"நடந்ததுதான்" என்றாள் அரைமனசாக.

"ஏற்கனவே பலிச்சாச்சிம்மா! ஒரே கல்லு எத்தனை தடவை பலிக்கும்? பலிச்சி முடிஞ்சதை இவர் மனசு இப்பத்தான் உக்காந்து மென்னு செரிக்கப் பார்க்குது. நீ பாதிச் சோத்துல தட்டைப் புடுங்கறே."

மேஜையிலிருந்த கடலைப் பையை என் பக்கம் தள்ளினாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்து, "இத நீயே சொல்லி இருக்கலாம் இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவரும் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அலாரத்தை நிறுத்தினாள். முழு மனசோடு நிறுத்தினாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு வைத்துவிட்டுத்தான் நிறுத்தினாள். வைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன. வெயில் முகத்தில் படும்வரை அவரை யாரும் எழுப்பக் கூடாது, புரண்டாலும் முனகினாலும் தொடக் கூடாது, தானாக அலறி எழுந்தால் மட்டும் தண்ணீர் கொடுத்து மறுபடி படுக்க வை என்று சொல்லியனுப்பினேன். என் முடிவு தெரியும்வரை டிப்போவில் எந்த வேலை கொடுத்தாலும் விடிகாலை டியூட்டி கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். முடிவு சொல்ல இன்னும் ஒரு மாசம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை. சில ராத்திரி பழைய கனவு வந்தது. சில ராத்திரி பாதியில் வேறெங்கோ திரும்பியது. மரம் கிடந்த இடத்தில் அவர் படித்த பள்ளிக்கூடம் வந்ததாம், கூட்டத்தில் அவர் சின்ன மாமனார் குடை பிடித்துக்கொண்டு நின்றாராம். நான் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது, சொல்லவும் கூடாது. "அப்புறம்? அப்புறம்?" என்று கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். படியேறும்போதே ஆளின் நடை வேறாக இருந்தது.

"விடியக்காலையில ஒரு கனாங்க. மலை மேல ஏறிக்கினு இருக்கேன், வளைவுல. கண்ணாடிய ஒடச்சிக்கினு கல்லு வருது. வந்து மடியில வுழுது. பார்த்தா பலாப்பழம்! நல்லா பழுத்த மலைப் பலா, வாசனை மூக்கத் தொளைக்குது. அண்ணன் பின்னால நின்னுக்கினு, 'லக்கேஜி, லக்கேஜி, பழத்துக்கு டிக்கெட் எடு'ன்றாரு. 'நான் டிரைவருண்ணே'ன்றேன். 'டிரைவரா இருந்தா இன்னா, பழம் பழந்தான்'றாரு."

சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. வாய்விட்டு அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழுவை வருதுங்க. ஆனா முன்ன மாதிரி நெஞ்சு அடைக்கலை" என்றார். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்: "அண்ணனப் போயி பார்த்துட்டு வந்துடறேன். குனிஞ்சேன்னு என் வாயால சொல்லிடணும். அதுக்கப்பறம் அவுரு செருப்பால அடிச்சாலும் சரி."

கண்டக்டர் அப்போது திருக்கோவிலூரில் மகள் வீட்டில் இருந்தார். டிரைவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மனைவியோடு போயிருக்கிறார். எனக்கு அந்த ஞாயிறு முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. தூக்கம் முள்ளை மழுங்கடிக்கும் என்று நான் நம்பினேன். ஆனால் அந்த வாசலில் இவருக்குப் புது முள் ஒன்று தைத்தால் நான் என்ன செய்ய முடியும்? ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிற மனிதர் கோபப்பட்டால், அதைத் தப்பென்று யார் சொல்வது? திங்கட்கிழமை நேரத்தோடு கிளினிக்கைத் திறந்துவிட்டேன்.

டிரைவர் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி பக்கத்தில்.

"சொன்னீங்களா?"

"சொன்னங்க. காப்பித் தண்ணி குடுத்தாங்க, அதக் குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். 'எனக்கு வந்த கல்லுண்ணே, நான் குனிஞ்சிட்டேன்'னு."

"என்ன சொன்னார்?"

டிரைவர் தன் மனைவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்.

"அந்த அண்ணன் இவுர ஒரு மாதிரி பார்த்தாருங்க. 'இதுக்கா இத்தினி மாசமா என் வூட்டுப் பக்கம் வராம இருந்தே?'ன்னாரு. அப்பறம் சொன்னாரு, 'குனிடா தம்பி, குனிடான்னு கத்தினவனே நான்தானடா!'"